பாராசூட் விரிஞ்சதும் ஆளு மேல பறக்குறான், பைத்தான் கோடு எங்க தப்பு?

வெங்கட்_பிஎஸ்சி
வணக்கம். பிஎஸ்சி பிசிக்ஸ் ரெண்டாவது வருஷம், கம்ப்யூட்டேஷனல் லேப் ரெக்கார்டுக்கு ஒரு ப்ராப்ளம் பண்றேன். 3000 மீட்டர்ல இருந்து ஒரு ஆள் குதிக்கிறான், கியரோட சேத்து 90 கிலோ, 40 செகண்ட் சும்மா விழறான், அப்புறம் பாராசூட் திறக்குது. காத்து தடை வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி. கோடுல இருக்க b ங்கறது காத்து அடர்த்தில பாதிய Cd, பரப்பு ரெண்டாலயும் பெருக்கி நிறையால வகுத்தது. அடர்த்தி 1.2. Cd, பரப்பு பெருக்குனது பாராசூட் இல்லாதப்ப 0.5, விரிஞ்சதும் 60ன்னு வச்சேன், அதனால b முதல்ல 1/300, அப்புறம் 0.4.

```python
g = 9.8
y, v, t = 3000.0, 0.0, 0.0
dt = 0.1
while y > 0:
    b = 1/300 if t < 40 else 0.4
    a = g - b*v*v
    v += a*dt
    y -= v*dt
    t += dt
print(t, v)
```

v கீழ் நோக்கி பாசிட்டிவ். ஓட்டினா ஒண்ணுமே ப்ரிண்ட் ஆகல, அப்படியே நிக்குது, Ctrl+C தான் அடிக்கணும். இதுல வேடிக்கை என்னன்னா என் ஃப்ரெண்டு இதே கோட `v*v`க்கு பதிலா `v**2` போட்டு எழுதிருக்கான், அவனுக்கு `OverflowError: (34, 'Numerical result out of range')` வருது. ரெண்டும் ஒண்ணு தானே? dt வ 0.05 ஆக்கினா மட்டும் சரியா வருது, தரைல 4.95 காட்டுது. ஏன்?

கோடிங்_குமாரு
ப்ரோ சிம்பிள், சைன் எரர். டிராக் எப்பவும் வேகத்துக்கு எதிர் திசைல இருக்கணும். நீ `v*v` போட்டா v மைனஸ் ஆனாலும் அது ப்ளஸ் தான், அதனால ஆளு மேல போகும்போது காத்து அவன இன்னும் மேல தள்ளுது. `v*abs(v)` போடு, முடிஞ்சது. இதுக்கு எதுக்கு இவ்ளோ பெரிய போஸ்ட்.

வெங்கட்_பிஎஸ்சி
தேங்க்ஸ் ப்ரோ, போட்டேன். இப்ப நிக்காம ஓடி முடியுது. ஆனா டைம் 40.6ன்னு வருது, v வந்து 2.28e9. திறந்து அரை செகண்டுல தரைய தொட்டுட்டானாம்.

வானம்பாடி
2.28e9 ஆ 😂 செகண்டுக்கு 228 கோடி மீட்டர், ஒளியோட வேகத்த விட ஏழு மடங்குக்கு மேல. ஐன்ஸ்டீன் கேஸ் போடுவாரு.

சீரியஸா சொல்லணும்னா நீங்க காத்து அடர்த்திய 1.2ன்னு மாத்தாம வச்சிருக்கீங்க, அதான் பிரச்சனைன்னு நினைக்கிறேன். 2012 அக்டோபர்ல பெலிக்ஸ் பாம்கார்ட்னர் கிட்டத்தட்ட 39 கிலோமீட்டர்ல இருந்து குதிச்சப்ப மணிக்கு 1357 கிமீ வேகம் தொட்டாரு, ஒலிய விட வேகம், காரணம் மேல காத்தே இல்ல. கீழ வர வர காத்து கெட்டியாகி பாராசூட் திறக்குறதுக்கு முன்னாடியே வேகம் குறைஞ்சுடுச்சு. அடர்த்திய உயரத்துக்கு ஏத்த மாதிரி மாத்துங்க, சரியாகிடும்.

மலர்விழி_கணிதம்
வானம்பாடி, பாம்கார்ட்னர் விஷயம் உண்மை தான், ஆனா இங்க அதுவா காரணம்? 3000 மீட்டர்ல அடர்த்தி 0.91 கிட்ட, தரைல 1.225. வேகத்துல பதினாறு சதவீதம் வித்தியாசம் வரும், அவ்ளோ தான், 228 கோடி வராது.

வெங்கட், முதல்ல நிக்கிறதுக்கும் எரர் வர்றதுக்கும் உள்ள வித்தியாசத்த பாத்துடலாம். பைத்தான்ல float பெருக்கல் எல்லை தாண்டினா சத்தமில்லாம `inf` ஆகிடும், `**` மட்டும் எரர் தூக்கும். உங்க கோடுல v போய் `-inf` ஆச்சு, y அதனால `+inf` ஆச்சு, `while y > 0` எப்பவுமே உண்மை, லூப் முடியவே முடியாது. உங்க ஃப்ரெண்டு கோடு தான் நல்லது, ஏதோ நடந்துடுச்சுன்னு சத்தம் போட்டு சொல்லுது.

இப்ப அந்த பெரிய நம்பர் எங்க இருந்து வந்துச்சு. 40 செகண்டுல ஆளு டெர்மினல் வேகத்துக்கு வந்துட்டான், 54.22. அடுத்த ஸ்டெப்புல b திடீர்னு 0.4. v வர்க்கம் 2940, அத 0.4 ஆல பெருக்கினா 1176. அதாவது முடுக்கம் மைனஸ் 1166. ஆய்லர் முறை என்ன பண்ணுதுன்னா இந்த 1166 அடுத்த 0.1 செகண்ட் முழுக்க மாறாம இருக்கும்னு நம்பிடுது. நிஜத்துல வேகம் குறைய குறைய தடையும் படபடன்னு குறையும். ஆனா கோடு 116.6 மொத்தமா கழிச்சிடுது, 54.2ல இருந்து மைனஸ் 62.4. ஆளு இப்ப மேல போறான். உங்க பழைய கோடுல அதுக்கப்புறம் மைனஸ் 217, மைனஸ் 2102ன்னு ஓடும். குமாரு சொன்ன abs போட்டா மைனஸ் 62, ப்ளஸ் 94, மைனஸ் 260, ப்ளஸ் 2456ன்னு மாறி மாறி ஊதும், ஒரு ப்ளஸ் ஸ்டெப்புல y பூஜ்யத்துக்கு கீழ போயிடுச்சு, லூப் நின்னுடுச்சு. முடிஞ்சதுங்கறதால சரின்னு ஆகிடாது.

abs போடணும், அது சரி தான். ஆனா நோய் அது இல்ல.

கோடிங்_குமாரு
சரி மேடம், அப்ப dt குறைச்சா போதும்ல, அவரே 0.05ல வருதுன்னு சொல்றாரே. நான் சொன்னதும் தப்பில்லையே, abs இல்லாம யார் எழுதுவாங்க.

மலர்விழி_கணிதம்
வெங்கட், abs போட்ட கோடுலயே dt 0.05 வச்சு, t 39.9ல இருந்து 41 வரைக்கும் ஒவ்வொரு ஸ்டெப்பும் v ப்ரிண்ட் பண்ணி இங்க போடுங்க.

வெங்கட்_பிஎஸ்சி
54.22, 54.22, அப்புறம் மைனஸ் 4.09, மைனஸ் 3.27, மைனஸ் 2.56... அப்படியே மெதுவா பூஜ்யம் தாண்டி 4.95 பக்கமா ஏறுது. அட, இதுலயும் ஆளு மேல போறானே! ப்ளாட்ல பாத்தப்ப கோடு சும்மா செங்குத்தா இறங்குன மாதிரி தான் தெரிஞ்சுச்சு, கீழ பூஜ்யத்துக்கு அடில போனத கவனிக்கவே இல்ல.

மலர்விழி_கணிதம்
அதே தான். இது தான் அபாயமான ரகம், வெடிச்சா கண்டுபிடிச்சிடலாம், வெடிக்காம தப்பா வந்தா ரெக்கார்டுல ஏறிடும். கடைசி விடை 4.95 சரியா வர்றதுக்கு காரணம், டெர்மினல் வேகத்துல a பூஜ்யம், dt எதுவா இருந்தாலும் அந்த இடம் மாறாது. அதனால கடைசி வேகத்த வச்சு கோடு சரியான்னு முடிவு பண்ணக்கூடாது.

ஒரு கணக்கு மனசுல வச்சுக்கங்க. புவியீர்ப்ப விட்டுட்டு பாத்தா ஒரு ஸ்டெப்புல v ஆனது v(1 - b|v| dt) ஆகுது. `b*abs(v)*dt` ஒண்ண தாண்டினா திசை மாறிடும், ரெண்ட தாண்டினா முன்ன விட பெருசா திரும்பி வரும், அதுக்கப்புறம் கைய விட்டு போயிடும். உங்க கேஸ்ல b பெருக்கல் v 21.7. dt 0.1ல 2.17, வெடிச்சது. 0.05ல 1.08, கொஞ்சமா மேல தூக்குச்சு. 0.01ல 0.22, நல்ல பிள்ளையா இறங்கும். லூப்புக்குள்ள இந்த நம்பர் 0.2 தாண்டினா ஒரு ப்ரிண்ட் போட சொல்லிடுங்க, நான் எப்பவும் அப்படித்தான் எழுதறது.

ஓய்வு_வாத்தியார்
அம்மா சொன்னது கணக்குல ரொம்ப சரி. ஆனா தம்பி, நீ dt 0.01 போட்டு கணக்கு சரியா வந்தாலும் அந்த ஆள் செத்துருவான், அத யாரும் கேக்கலியே. 1166ங்கறது 119 ஜி. பாராசூட் லைட் சுவிட்ச் மாதிரி பட்டுனு விரியாது, பைல இருந்து வெளிய வந்து கயிறு நீண்டு துணிக்குள்ள காத்து நிறைஞ்சு முழுசா விரிய மூணு நாலு செகண்ட் பிடிக்கும், அத வேணும்னே மெதுவாக்கத்தான் வடிவமைக்கிறாங்க. உன் கோடுல இருக்க அந்த `if` தான் பிசிக்ஸ் பிழை. நான் இத 4 செகண்டுல நேர்கோடா ஏத்தி பாத்தேன்.

```python
def b_at(t):
    if t < 40:
        return 1/300
    s = min((t - 40)/4, 1)
    return 1/300 + s*(0.4 - 1/300)
```

இப்ப அதிகபட்ச வேகக்குறைப்பு 5 ஜிக்கும் 6 ஜிக்கும் நடுவுல வருது, திறந்து அரை செகண்டுக்குள்ளயே. தாங்கற அளவு. இதுல அழகு என்னன்னா உன்னோட பழைய dt 0.1 லயே கோடு ஒழுங்கா ஓடுது, ஏன்னா b பெருசாகறதுக்குள்ள v சின்னதாகிடுது. பெருக்கல் எங்கயும் 21 ஆகறதில்ல, ரெண்டு கிட்டத்தான்.

இன்னொண்ணு, விழற முதல் பகுதிக்கு பேப்பர்லயே விடை இருக்கு, v = 54.22 tanh(9.8 t / 54.22). 5 செகண்டுல 38.94. உன் கோடுல dt 1 போட்டு பாரு, 0.5 போட்டு பாரு, ரெக்கார்டுல அந்த டேபிள் இல்லாம சைன் வாங்க போகாத.

வெங்கட்_பிஎஸ்சி
பாத்தேன் சார். dt 1க்கு 40.76, dt 0.5க்கு 39.82. பிழை 1.82, 0.88. dt பாதியானா பிழையும் பாதியாகுது! ரெண்டுமே அதிகமா காட்டுது, அது ஏன் சார்?

ஓய்வு_வாத்தியார்
யோசிச்சு பாரு. ஸ்டெப்போட ஆரம்பத்துல வேகம் கம்மி, தடையும் கம்மி. அந்த கம்மி தடைய வச்சே முழு ஸ்டெப்பும் ஓட்டுற. தடைய குறைச்சு மதிப்பிட்டா வேகம் கூடத்தான் வரும். பாராசூட் திறந்தப்ப இதுக்கு நேர் எதிர், தடைய அதிகமா மதிப்பிட்டு வேகத்த பள்ளத்துல தள்ளிடுச்சு. ரெண்டும் ஒரே குணம் தான்.

தெளிப்பான்_ராசு
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், இத படிச்சதும் என் பிரச்சனை புரிஞ்ச மாதிரி இருக்கு. நான் வயலுக்கு ட்ரோன்ல மருந்து அடிக்கிற வேலை, துளி எங்க போய் விழும்னு தெரிஞ்சுக்க சும்மா ஒரு பைத்தான் கோடு தேத்தினேன். துளி 100 மைக்ரான் குறுக்களவு, உயரம் 2 மீட்டர். dt 0.1 வச்சா `nan` வருது. துளி இவ்ளோ குட்டி, மெதுவா தான் விழுது, வேகமா விழற பாராசூட்காரருக்கு வெடிக்குது சரி, எனக்கு ஏன் வெடிக்குது?

மலர்விழி_கணிதம்
ராசு அண்ணா, வேகமா மெதுவாங்கறது கணக்கே இல்ல, வேகம் எவ்ளோ சீக்கிரம் செட்டில் ஆகுதுங்கறது தான். சின்ன துளிக்கு தடை வேகத்தோட வர்க்கமா இல்ல, நேரா வேகத்தோடயே போகும். ஸ்டோக்ஸ் ஃபார்முலாப்படி உங்க துளியோட டெர்மினல் வேகம் செகண்டுக்கு 0.30 மீட்டர். அத 9.8 ஆல வகுத்தா 0.03 செகண்ட், துளி செட்டில் ஆகற நேரம் அவ்ளோ தான். நேர்கோட்டு தடைக்கு ஆய்லர் இதுல ரெண்டு மடங்கு, 0.06 செகண்டுக்கு மேல dt போனா வெடிக்கும். நீங்க 0.1 வச்சீங்க. குட்டியா ஆக ஆக இன்னும் மோசம், 20 மைக்ரான் துளிக்கு எல்லை 0.0025 செகண்ட்.

சொல்ல போனா 100 மைக்ரான்ல ஸ்டோக்ஸே கொஞ்சம் அதிகமா சொல்லும், அளந்த வேகம் 0.27 கிட்ட. ரெண்டு ஃபார்முலாவுக்கும் நடுவுல மாட்டுன சைஸ் அது.

கோடிங்_குமாரு
இதெல்லாம் எதுக்கு, scipy ல `solve_ivp` இருக்கு, ஒரே வரி, dt பத்தி கவலையே இல்ல, அதுவே ஸ்டெப் குறைச்சுக்கும். இல்லன்னா RK4 எழுதுங்க, ஆய்லர் எல்லாம் யாரும் யூஸ் பண்றதில்ல.

மலர்விழி_கணிதம்
`solve_ivp` நல்லது தான், நானும் வேலைல அத தான் எடுப்பேன். ஆனா அதுக்குள்ள ஒரு `if t < 40` வச்சா அந்த உடைப்ப அது பெரிய ஸ்டெப்புல தாண்டி போய் அப்புறம் பின்வாங்கி தடவி தடவி பிடிக்கணும், 40 வரைக்கும் ஒரு தடவ, அதுல இருந்து ஒரு தடவன்னு ரெண்டா பிரிச்சு ஓட்டறது சுத்தம். RK4 பத்தி சொல்லணும்னா dt 0.1 லயே போட்டு பாத்தேன், வெடிக்கல, முதல் ஸ்டெப் முடிவுல 24.5 தருது. கைல போட்டா சரியான விடை 17.6. பேரு பெருசுன்னு நம்பிடக்கூடாது.

ஆய்லர்லயே ஒரு சின்ன மாத்தம் பண்ணலாம், ராசு அண்ணாவுக்கும் உதவும். தடைல ஒரு v வ பழசா வச்சுட்டு இன்னொரு v வ புதுசுன்னு எடுத்துக்கிட்டு, சமன்பாட்ட புது v க்கு மாத்தி எழுதினா இப்படி வரும்:

```python
v = (v + g*dt) / (1 + b*abs(v)*dt)
```

கழித்தலே இல்ல, வகுத்தல் தான், அதனால கீழ போறவன் ஒருநாளும் மேல திரும்ப மாட்டான். வெங்கட்டோட பழைய திடீர் பாராசூட்டுக்கே dt 0.1ல முதல் ஸ்டெப் 17.4 தருது, 17.6க்கு எவ்ளோ பக்கம் பாருங்க. ஆனா இத மந்திரம்னு எடுத்துக்காதீங்க, dt 1 வச்சா முதல் ஸ்டெப் 2.8க்கு போய் அடுத்ததுல 5.9 ஆகி அப்புறம் தான் 4.95 கிட்ட அடங்குது. வெடிக்காது, அவ்ளோ தான் உத்தரவாதம். நேர்கோட்டு தடைக்கு கீழ இருக்கறது `1 + dt/0.03`ன்னு ஆகும்.

வெங்கட்_பிஎஸ்சி
அக்கா சூப்பர், ஆனா ரெக்கார்டு தலைப்புல ஆய்லர் மெத்தட்னு அச்சடிச்சே இருக்கு. இந்த வகுத்தல் வரிய எழுதினா இது ஆய்லர் இல்லன்னு சொல்லிடுவாங்களோ?

ஓய்வு_வாத்தியார்
சொல்லுவாங்க. நான் எக்ஸாமினரா இருந்தாலும் கேப்பேன். நீ சாதா ஆய்லர், பாராசூட் மெதுவா விரியறது, dt 0.01 அத எழுது. வகுத்தல் வரிய கடைசி பக்கத்துல ஒப்பீடா வை.

மலர்விழி_கணிதம்
எனக்கு இதுல உடன்பாடில்ல சார், இதுவும் முதல் ஆர்டர் தான், ஆய்லர் குடும்பம் தான், பாதி உள்ளுறையா எழுதினது. எழுதி காரணம் சொன்னா மார்க் குறைக்க கூடாது.

ஓய்வு_வாத்தியார்
குறைக்க கூடாது, குறைப்பாங்கம்மா.

வானம்பாடி
என் அடர்த்தி ஐடியாவ மொத்தமா தள்ளிட்டீங்க 😄 3000 மீட்டருக்கு அத சேத்தா விழற நேரம் மாறுமா மாறாதா?

மலர்விழி_கணிதம்
மாறும், மேல கொஞ்சம் வேகமா விழுவான், கீழ வர வர குறையும், டெர்மினல்னு ஒரு நிலையான வேகமே இருக்காது. `1.225*exp(-h/8500)`ன்னு எல்லாரும் போடுவாங்க, ஆனா 3000 மீட்டர்ல அது 0.86 தரும், நிஜம் 0.91. இந்த உயரத்துக்குள்ள மட்டும்னா 8500க்கு பதில் 10000 போடுங்க, 0.907 வரும். ஆனா பாம்கார்ட்னர் உயரத்துக்கு இத வச்சுக்காதீங்க, அங்க ஒலி வேகம் தாண்டும்போது Cd யும் மாறும், அது வேற கதை.

தெளிப்பான்_ராசு
வகுத்தல் வரி வேலை செஞ்சுது, nan போயிடுச்சு, 2 மீட்டர் விழ ஏழு செகண்டுக்கு கிட்ட காட்டுது. ஆனா மத்தியான வெயில்ல அந்த ஏழு செகண்டுல துளி காஞ்சு சின்னதாகிடுமே, 100 மைக்ரான் 100ஆவே கீழ வராது. குறுக்களவையும் ஒவ்வொரு ஸ்டெப்பும் குறைக்கணும்னா எந்த வேகத்துல குறைக்கிறது? மருந்து கலந்த தண்ணிக்கு யாராவது போட்டு பாத்திருக்கீங்களா?

மலர்விழி_கணிதம்
சுத்த தண்ணிக்கு குறுக்களவோட வர்க்கம் நேரத்தோட நேரா குறையும்னு எடுத்துக்கலாம் அண்ணா, ஒரே ஒரு மாறிலி, அது வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பொறுத்தது. மருந்து கலந்தா அது அப்படியே பொருந்துமான்னு எனக்கு சந்தேகம். குறுக்களவு குறைஞ்சா அந்த 0.03ம் கூடவே குறையும், அதனால அத லூப்புக்கு வெளிய வச்சுடாதீங்க.